ரோகிணியை ஒரு புள்ளியாக்குவது எப்படி? விண்மீன்களின் வாழ்க்கையும் எச்.ஆர். வரைபடமும்

மார்கழி மாதத்தில் இரவு ஒன்பது மணிவாக்கில் கிழக்கு வானத்தைப் பார்த்தால், நன்றாக மேலேறி வந்த ஒரு மீன் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில் தெரியும். அதுதான் ரோகிணி. வானியலில் அதன் பெயர் ஆல்டெபரான். அதைச் சுற்றி மங்கலான மீன்கள் ஆங்கில V எழுத்துப் போலச் சிதறிக் கிடக்கும். அந்தக் கூட்டத்துக்கு ஹையடீஸ் கொத்து என்று பெயர். இன்னும் கொஞ்சம் மேலே, கைப்பிடி மணலை வீசியதுபோல் நெருக்கமாக இருப்பது கார்த்திகைக் கூட்டம்.

ஒரு விண்மீனின் வாழ்க்கை கோடிக்கணக்கான ஆண்டுகள் நீளும். எந்த மீனும் பிறந்து, வளர்ந்து, சாவதை நாம் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனாலும் ரோகிணி கிழடு, கார்த்திகை குழந்தை என்று வானியலாளர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். எப்படி? பதில் பெரும்பாலும் ஒரே ஒரு வரைபடத்தில் இருக்கிறது. அதைப் படிக்க ரோகிணியையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அச்சுகள்

வரைபடத்தின் பெயர் ஹெர்ட்ஸ்பிரங்–ரஸ்ஸல் வரைபடம். சுருக்கமாக எச்.ஆர். வரைபடம் என்பார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஐனார் ஹெர்ட்ஸ்பிரங் 1911-இல் கார்த்திகை, ஹையடீஸ் கொத்துகளின் மீன்களை வைத்து இப்படி வரைந்தார். அமெரிக்காவின் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அதைப் பார்க்காமலேயே தன் வழியில் யோசித்து 1913-இல் தன் வரைபடத்தை முன்வைத்தார். ஆகவே இருவர் பெயரும் சேர்ந்துகொண்டது.

நெட்டு அச்சில் இருப்பது ஒளிர்வு. மீன் நம் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதல்ல, அது உண்மையில் ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றலை வெளியே கொட்டுகிறது என்பதே ஒளிர்வு. சூரியனை 1 என்று வைத்துக்கொண்டு 10, 100, 1000 என்று பத்துப் பத்து மடங்காக ஏறும். கீழ்ப்பக்கம் 0.1, 0.01 என்று இறங்கும். ஒரு கட்டம் ஏறினால் பத்து மடங்கு. கூட்டல் கணக்கில் பழகிய கண் இங்கே ஏமாறும்.

கிடை அச்சில் மேற்பரப்பின் வெப்பநிலை. இங்கே ஒரு விசித்திரம்: சூடு இடப்பக்கம், குளிர்ச்சி வலப்பக்கம். நான் முதல் தடவை வரைந்தபோது பள்ளிக்கூடப் பழக்கத்தில் வெப்பநிலையை இடமிருந்து வலமாக ஏற்றிவிட்டேன். படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி வந்தது. இதற்குக் காரணம் பழைய வழக்கம்தான். ஆரம்ப காலத்தில் அவர்கள் வெப்பநிலையை அச்சில் போடவில்லை. நிறத்தையும் நிறமாலை வகையையும் போட்டார்கள். O, B, A, F, G, K, M என்ற அந்த வகை வரிசை, சூடான நீல மீனில் தொடங்கிக் குளிர்ந்த சிவப்பு மீனில் முடிகிறது. அதை இடமிருந்து வலமாக எழுதியதால் சூடு இடப்பக்கமே நின்றுவிட்டது.

நிறத்துக்கும் சூட்டுக்கும் உள்ள உறவு கொல்லன் பட்டறையில் பார்த்ததுதான். இரும்பு முதலில் மங்கிய சிவப்பாகக் கனலும், அப்புறம் ஆரஞ்சு, இன்னும் ஏறினால் மஞ்சள், வெளுப்பு. மீன்களில் ஆயிரக்கணக்கான டிகிரி வித்தியாசம் என்பதால் நீலம் வரைக்கும் போகிறது.

ரோகிணியின் புள்ளியை வைப்போம்

முதலில் வெப்பநிலை. ரோகிணியின் ஒளியை நீல வடிகட்டி வழியாக ஒரு முறை, மஞ்சள்-பச்சை வடிகட்டி வழியாக ஒரு முறை அளந்து, இரண்டு பொலிவு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுப்பார்கள். இதற்கு B−V என்று பெயர். சூரியனுக்கு இது 0.65. ரோகிணிக்கு 1.54. எண் கூடினால் சிவப்பு கூடுகிறது என்று அர்த்தம். இந்த நிறத்துக்கும் நிறமாலைக் கோடுகளுக்கும் பொருந்துகிற வெப்பநிலை சுமார் 3,900 கெல்வின். சூரியனுக்கு 5,772. ஆக, ரோகிணியின் இடம் சூரியனுக்கு வலப்பக்கம்.

அடுத்து ஒளிர்வு. இதற்குத் தூரம் தெரிந்தாக வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள மீன்கள் பின்னணியை ஒட்டி மிகச் சிறிதாக அசைவதுபோல் தோன்றும். முகத்துக்கு நேரே விரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் நகர்வதைப் போல. இந்த இடமாறு தோற்றத்தை வைத்துப் பார்த்தால் ரோகிணியின் தூரம் கிட்டத்தட்ட 20 பார்செக், அதாவது சுமார் 65 ஒளியாண்டு.

கண்ணுக்குத் தெரியும் அதன் பொலிவு எண் 0.87. எல்லா மீன்களையும் 10 பார்செக் தூரத்தில் நிறுத்தி வைத்தால் எப்படித் தெரியும் என்று கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அதற்கான சூத்திரத்தில் m கண்ணுக்குத் தெரியும் எண், d பார்செக்கில் தூரம், M 10 பார்செக்கில் வரும் எண்:

```
M = m − 5 log d + 5
M = 0.87 − 5 × 1.30 + 5 = −0.63
```

சூரியனை அதே 10 பார்செக்கில் வைத்தால் அதன் எண் 4.83. இந்த எண்கள் தலைகீழ்க் கணக்கு: குறையக் குறையப் பிரகாசம். 5 எண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு. இங்கே வித்தியாசம் 5.46, ஆகவே ரோகிணி சூரியனைவிடச் சுமார் 150 மடங்கு பிரகாசம்.

இத்தோடு நிறுத்தினால் தப்பு. இந்த 150 என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும். 3,900 கெல்வினில் இருக்கிற மீன் தன் ஆற்றலில் பெரும்பகுதியை அகச்சிவப்பில், அதாவது நம் கண் பார்க்காத வெப்பக் கதிராக வெளியிடுகிறது. அதையும் சேர்த்தால் ஏறத்தாழ 440 மடங்கு ஆகிறது. மிகச் சூடான நீல மீன்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவற்றின் கணக்கில் வராத பங்கு புற ஊதாவில் இருக்கிறது. ஒரு வரைபடத்தின் நெட்டு அச்சில் 'ஒளிர்வு' என்று இருக்கிறதா, V எனப்படும் மஞ்சள்-பச்சை வடிகட்டியின் பொலிவு எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டிலும் படத்தின் சாயல் ஒன்றுதான், ஓரங்களில் மட்டும் வளைவு மாறும்.

சரி, புள்ளி வைத்தாயிற்று: 3,900 கெல்வின், 440 சூரியன். படத்தில் வலப்பக்கம், மேலே.

புள்ளிக்குள் ஒளிந்திருக்கும் அளவு

இப்போது பர்னார்டு விண்மீன் என்கிற இன்னொரு சிவப்பு மீனை எடுங்கள். நம்மிடமிருந்து 6 ஒளியாண்டு தூரம்தான், ஆனால் தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. வெப்பநிலை 3,200 கெல்வின் அளவில். ஒளிர்வோ சூரியனில் முந்நூறில் ஒரு பங்குக்குப் பக்கம்.

ஒரு சதுர மீட்டர் மேற்பரப்பு எவ்வளவு ஆற்றலை வெளியிடும் என்பதை அதன் வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கில் ரோகிணியின் ஒரு சதுர மீட்டர், பர்னார்டின் ஒரு சதுர மீட்டரைவிட இரண்டு மடங்கு சொச்சம்தான் ஒளிரும். ஆனால் மொத்த ஒளிர்வில் லட்சம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். மீதி எங்கிருந்து வந்தது? சதுர மீட்டர்களின் எண்ணிக்கையிலிருந்துதான். ரோகிணி மாபெரும் உருவம். 1905-லேயே ஹெர்ட்ஸ்பிரங்குக்கு இது பிடிபட்டுவிட்டது: சிவப்பு மீன்களில் ஒரே நிறத்தில் இரண்டு சாதி உண்டு, ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

ஒளிர்வு L, ஆரம் R, வெப்பநிலை T எல்லாவற்றையும் சூரிய அளவிலேயே வைத்துக்கொண்டால் கணக்கு எளிது:

```
L = R² × T⁴
T = 3900 / 5772 = 0.676,  T⁴ ≈ 0.21
R² = 440 / 0.21 ≈ 2100,  R ≈ 46
```

சூரியனைப் போல 46 மடங்கு ஆரம். நம் சூரியன் இருக்கும் இடத்தில் ரோகிணியைத் தூக்கி வைத்தால், புதன் கோளின் பாதையில் பாதி தூரம் வரை அதன் உடம்பே நிற்கும்.

இந்த விடையைச் சரிபார்க்க வானமே ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. ரோகிணி நிலாவின் பாதையில் இருக்கிறது. சந்திரனுக்கு இருபத்தேழு மனைவியரில் ரோகிணிமேல்தான் தனிப் பிரியம் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். சில ஆண்டுகளில் நிலா அதை மாதாமாதம் மறைத்துச் செல்லும். அப்படி மறைக்கும்போது ஒளி சட்டென்று அணையாது, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் படிப்படியாகக் குறையும். அந்த வேகத்தை அளந்தால் மீனின் கோண அகலம் கிடைக்கும்: சுமார் 0.02 வில்நொடி. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு வில்நொடி. 20 பார்செக் தூரத்தில் அது பூமி–சூரியன் தூரத்தில் 0.4 பங்கு விட்டம், அதாவது சூரியனைப் போல 43 மடங்கு. நம் 46-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இதே சூத்திரத்தை இடப்பக்கக் கீழ் மூலையிலும் போட்டுப் பாருங்கள். சிரியஸ் மீனைச் சுற்றிவரும் துணை மீனான சிரியஸ் பி-க்கு 25,000 கெல்வின், ஒளிர்வு 0.025. ஆரம் 0.0084 என்று வரும். பூமியைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் எடை ஒரு முழுச் சூரியன்! வெண்குறுமீன் என்பது இதுதான். 1913-இல் ரஸ்ஸலின் படத்தில் அந்த மூலையில் ஒரே ஒரு புள்ளிதான் இருந்தது, 40 எரிடானி பி. மங்கலான மீன் வெள்ளையாக இருக்க முடியாதே என்று அவர் முதலில் சங்கடப்பட்டார். அது வெள்ளைதான் என்று ஹார்வர்டில் புகைப்படத் தட்டுகளைப் பார்த்துச் சொன்னவர் வில்லியமினா ஃபிளெமிங்.

அது பாதை அல்ல, போட்டோ

ஆயிரக்கணக்கான மீன்களை இப்படிப் புள்ளி வைத்தால் படம் முழுக்கப் பரவாது. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரு சரிந்த பட்டை வரும். சுமார் பத்தில் ஒன்பது மீன்கள் அதில்தான். இது முதன்மை வரிசை. சூரியன் அதன் நடுவில், சிரியஸ் மேல்பாதியில், பர்னார்டு அடிவாலில். வலது மேல்புறத்தில் செம்பெருமீன்கள் ஒரு கூட்டமாக. இடது கீழே வெண்குறுமீன்கள்.

புதிதாகப் படிக்கிற பலரும் இந்த இடத்தில் சறுக்குவார்கள். பட்டையைப் பார்த்ததும், மீன் மேலே பிறந்து அதன் வழியே சறுக்கிக் கீழே வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆரம்ப காலத்தில் ரஸ்ஸலே அப்படித்தான் நினைத்தார், ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உண்மை அதுவல்ல. பட்டையில் ஒரு மீனின் இடத்தை முடிவு செய்வது அதன் எடை. கனத்த மீன் மேலே உட்காரும், இளைத்த மீன் கீழே உட்காரும். உட்கார்ந்த இடத்திலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழிக்கும்.

அப்படியானால் பட்டையில் ஏன் அவ்வளவு கூட்டம்? ஒரு கல்யாண மண்டபத்தைப் படம் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு போட்டோ. உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்கள் நூறு பேர், பந்தியில் முப்பது பேர், கை கழுவுமிடத்தில் மூன்று பேர். யாரையும் பின்தொடராமலேயே, வந்தவர்கள் எங்கே அதிக நேரம் செலவழிக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். எச்.ஆர். வரைபடமும் அப்படி ஒரு போட்டோ. ஓரிடத்தில் கூட்டம் என்றால் மீன்கள் அங்கே நெடுங்காலம் தங்குகின்றன. வெறிச்சோடியிருந்தால் அங்கே எதுவும் நிற்பதில்லை, கடந்துபோகின்றன.

சூரியனின் புள்ளி நகரும் வழி

முதன்மை வரிசையில் இருக்கும்வரை மீனின் உள்ளகத்தில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகிறது. சூரியனுக்கு இந்தக் கட்டம் சுமார் 1,000 கோடி ஆண்டு. 460 கோடி முடிந்துவிட்டது. இதற்குள் அதன் ஒளிர்வு பிறந்தபோது இருந்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருக்கிறது. பத்து மடங்கு கட்டங்கள் போட்ட படத்தில் அது புள்ளியின் அகலத்துக்குக்கூட நகர்ந்ததாகத் தெரியாது.

உள்ளகத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் நடப்பது கொஞ்சம் விநோதம். எரிபொருள் தீர்ந்தால் மீன் மங்க வேண்டும் அல்லவா? மாறாகப் பிரகாசமாகிறது. உள்ளகத்தில் வெப்பத்துக்கு ஊற்று இல்லாததால் அது தன் எடையிலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் உள்ளகத்தைச் சுற்றியுள்ள ஓட்டில் மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் முன்பைவிட ஆவேசமாக எரியத் தொடங்குகிறது. வரும் ஆற்றலை வாங்கி வெளி அடுக்குகள் ஊதிப் பெருக்கின்றன. மேற்பரப்பு பரந்து விரிவதால் ஒரு சதுர மீட்டருக்கு வரும் பங்கு குறைகிறது. ஆகவே மேற்பரப்பு குளிர்ந்து சிவக்கிறது. மொத்த ஒளிர்வோ பல நூறு மடங்காகிறது.

படத்தில் இதைப் பார்த்தால், புள்ளி முதலில் வலப்பக்கம் நகர்ந்து, அப்புறம் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். இந்த ஏற்றத்தில் சூரியனின் புள்ளி ரோகிணி இன்று நிற்கும் இடத்துக்குப் பக்கமாகக் கடந்து போகும். ரோகிணியின் எடை சூரியனைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நம் சூரியனின் முதுமை எப்படி இருக்கும் என்று கேட்டால் மார்கழி வானத்தைக் காட்டலாம்.

உச்சியில் ஒளிர்வு இரண்டாயிரம் மடங்கைத் தாண்டும்போது உள்ளகம் 10 கோடி கெல்வினைத் தொட்டு ஹீலியம் பற்றிக்கொள்ளும். அதோடு புள்ளி சடாரென்று 50 மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஹீலியம் எரிவது பத்துக் கோடி ஆண்டு போலத் தாங்கும். அதுவும் தீர்ந்தால் இன்னொரு ஏற்றம், அதில் வெளி அடுக்குகள் உதிர்ந்து போகும். உள்ளே இருந்த சூடான உள்ளகம் வெளித்தெரிய, புள்ளி படத்தின் மேல்பகுதியில் இடப்பக்கம் வேகமாக ஓடி, அப்புறம் வெண்குறுமீன்களின் மூலைக்கு விழும். அங்கே எரிவதற்கு ஒன்றுமில்லை. அடுப்பு அணைந்த பிறகு ஆறுகிற இரும்புச் சட்டி போல, அளவு மாறாமல் மெதுவாகக் குளிர்ந்து வலது கீழாக நகரும்.

கனத்த மீன்களின் கதை குறுகியது. சூரியனைப் போல 15, 20 மடங்கு எடையுள்ள திருவாதிரை மீன், அதாவது பெடல்ஜியூஸ், ஒரு கோடி ஆண்டு அளவிலேயே முடிவை நெருங்கிவிட்டது. அது பிறக்கும்போதே பிரகாசம் என்பதால் அதன் புள்ளி ஏறவில்லை, இடமிருந்து வலமாகப் படத்தின் உச்சியில் குறுக்கே போயிருக்கிறது. கடைசியில் இரும்பாலான உள்ளகம் சரிந்து வெடிக்கும். 2020 பிப்ரவரியில் அது வழக்கத்தில் பாதிக்கும் கீழாக மங்கியபோது 'வெடிக்கப் போகிறது' என்று ஒரே பரபரப்பு. அது வீசியெறிந்த வாயு குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்ததுதான் முக்கியக் காரணம். நடுவில் இருக்கும் தூசி ஒரு மீனை மங்கலாகவும் சிவப்பாகவும் காட்டி, புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்துவிடும். இந்த வரைபடத்தில் அடிக்கடி நேரும் பிழை இது.

கொத்தின் வயது, என் பிழை

ஒரு கொத்திலுள்ள மீன்கள் ஒரே மேகத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை. நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரம் வேறு. ஆகவே கொத்தை வரைந்தால் வயது தெரியும். கனத்தவை எரிபொருளை ஊதாரித்தனமாகச் செலவழிப்பவை. சிரியஸின் எடை சூரியனைப் போல இரண்டு மடங்கு, செலவோ 25 மடங்கு. ஆயுள் 2/25, அதாவது 1,000 கோடியில் சுமார் 80 கோடி ஆண்டு. இதனால் காலம் போகப் போக முதன்மை வரிசை மேலிருந்து கீழாகக் கழன்றுகொண்டே வரும், மெழுகுவத்தி எரிந்து குறைவது போல. அது கழன்று வலப்பக்கம் திரும்புகிற முனையில் எந்த எடையுள்ள மீன் இருக்கிறதோ, அதன் ஆயுள்தான் கொத்தின் வயது.

கார்த்திகையில் நீல மீன்கள் இன்னும் பெரும்பாலும் வரிசையில் நிற்கின்றன, செம்பெருமீன் ஒன்றுகூட இல்லை. வயது சுமார் 12 கோடி ஆண்டு. ஹையடீஸில் நீலம் போய்விட்டது, வெள்ளை மீன்களோடு வரிசை திரும்புகிறது. வயது சுமார் 65 கோடி.

ஹையடீஸை நான் வரைந்தபோது வானத்தில் V வடிவத்தில் தெரிந்ததையெல்லாம் பட்டியலில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் கொத்தின் தூரமான 47 பார்செக்கைப் போட்டேன். வரிசை அழகாக விழுந்தது. நான்கு பெருமீன்கள் B−V 1.0-க்குப் பக்கத்தில், பொலிவு எண் 0-க்கு அருகே நெருக்கமாக உட்கார்ந்தன. ஐந்தாவது மட்டும் அவற்றைவிட மிகச் சிவப்பாக, −2.5-இல் தனியாகத் தொங்கியது. ஏதோ அபூர்வக் கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு மாலைப்பொழுது முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். ஆரம் போட்டுப் பார்த்தேன், கோண அகலத்தோடு ஒத்துப்போனது! ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? தூரம் தப்பானால் இரண்டு கணக்கிலும் ஆரம் ஒரே அளவில்தான் கூடும். அந்தச் சோதனை வெப்பநிலைத் தப்பைப் பிடிக்கும், தூரத் தப்பைப் பிடிக்காது.

பிடித்துக் கொடுத்தது வேகம். ஹையடீஸ் மீன்கள் எல்லாம் நொடிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைவிட்டு விலகுகின்றன. இந்த ஐந்தாவதோ 54. இடமாறு தோற்றத்தைப் பார்த்தால் கொத்துக்கு 0.02 வில்நொடி, இதற்கு 0.05. அதாவது பாதித் தூரத்திலேயே நின்றுகொண்டு, கொத்துக்கு முன்னால் முகம் காட்டுகிற வழிப்போக்கன். அந்த ஐந்தாவது மீன்தான் ரோகிணி. சரியான தூரத்தைப் போட்டு −0.63-க்கு இறக்கி, கொத்தின் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.